பழைய கல்யாண ஆல்பங்களை ஏன் ஆஃப்லைனுக்கு மாற்றுகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் எங்கள் ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தவர்கள் கடைக்கு வந்தும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இங்கே ஆல்பம் என்பது அச்சடித்துத் தரும் புத்தகம் அல்ல. அந்தக் கல்யாணத்தின் படங்கள், வீடியோ, புத்தகத்துக்காகச் செய்த டிசைன் என எல்லா ஃபைல்களும் சேர்ந்ததுதான்.

அண்ணே, நீங்க அனுப்பின லிங்க்க அழுத்தினா ஆல்பம் இல்லைனு வருது. எங்க கல்யாணப் படத்த அழிச்சிட்டீங்களா?

இல்லை. படங்கள் பத்திரமாக இருக்கின்றன, இணையத்தில் மட்டும் இல்லை. படங்களை ஒப்படைத்து ஓராண்டு ஆனதும் லிங்க்கை மூடிவிட்டு, எல்லா ஃபைல்களையும் ஆஃப்லைன் சேமிப்புக்கு மாற்றிவிடுகிறோம். மூடுவதற்கு ஒரு மாதம் முன்பு நீங்கள் கொடுத்த எண்ணுக்கு ஒரு செய்தி வரும். எண் மாறியிருந்தால் அது வந்து சேராது. அதனால் புது எண்ணைத் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

படம் வேண்டுமென்றால் கேளுங்கள், எடுத்துத் தருகிறோம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எப்படி எடுப்போம் என்பது பின்னால் அவசரத்துக்குப் படம் கேட்ட குடும்பத்தைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

ஆஃப்லைன்னா என்ன அர்த்தம்? பெட்டியில போட்டுப் பூட்டிடுவீங்களா?

ஏறக்குறைய அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, சரிபார்த்து, கேபிளைக் கழற்றி, மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாமல் வைப்பதைத்தான் ஆஃப்லைன் என்கிறோம். கணினியில் செருகியிருக்கும் டிஸ்க் ஆஃப்லைன் ஆகாது. எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்த, கடையின் மூலையில் நாள் முழுக்க ஓடும் நாஸ் என்ற டிஸ்க் பெட்டியும் ஆகாது. யாராவது கையால் எடுத்துச் செருகினால்தான் படிக்க முடியும் என்ற நிலை இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இப்படி இரண்டு டிஸ்க்குகள் உண்டு. ஒன்று கடையில் இருக்கிறது. மற்றொன்று பெருநிலத்தில், ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே நாளில் வாங்குவதில்லை. ஒரே தொகுதியில் செய்த டிஸ்க்குகளில் ஒரே குறை இருந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

எங்களுக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. அதுவும் பழசா?

முழு ஆல்பத்தையும் ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம் கணக்கு. கல்யாணத் தேதி கணக்கில் இல்லை. புத்தகத்துக்கான படங்களை நீங்கள் இன்னும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை என்றால் அந்த வேலை முடியாத வேலை. அது எங்கள் நாஸிலேயே இருக்கும்.

கம்ப்யூட்டர்லயே கிடந்தா என்ன குறைஞ்சிடும்? இடம் பத்தலையா?

இடமும் ஒரு காரணம். முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் நடக்கும் ஒரு கல்யாணத்தில் நலங்கு, தாலி கட்டு, இரவு விருந்து எல்லாம் சேர்த்து 3,200 ஷாட் வரும் என்று வையுங்கள். கேமராவிலிருந்து திருத்தாமல் வரும் அசலான ரா ஃபைல் ஒன்று 25 எம்பி என்றால் அதுவே 80 ஜிபி. திருத்தி உங்களுக்குத் தரும் 700 ஜேபெக் படங்கள் 6 ஜிபிக்குள் அடங்கிவிடும். நான்கு மணி நேர வீடியோ 90 ஜிபி, டிசைன் ஃபைல்கள் 12 ஜிபி. மொத்தம் 190 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு 60 கல்யாணம் என்றால் 11 டிபியைத் தாண்டிவிடும். பத்து வருடத்தையும் எப்போதும் ஓடும் பெட்டியில் வைத்தால், யாரும் திறக்காத ஃபைல்களுக்காக டிஸ்க்குகள் இரவு பகலாகச் சுற்றித் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் நான் மாற்றுவதற்கு முதல் காரணம் இடமோ காசோ இல்லை. பெரிய பெட்டி வாங்க முடிந்தாலும் பழைய ஆல்பங்களை அதில் வைக்க மாட்டேன். கணினியோடு இணைந்திருக்கும் எதையும் கணினியின் வழியாகவே அழிக்க முடியும். அடுத்த பதிலில் அதைத்தான் விளக்குகிறேன்.

அதான் ஆன்டிவைரஸ் போட்டிருக்கீங்களே, அப்புறம் என்ன பயம்?

போட்டிருக்கிறோம். ஆனால் ஒரு ஸ்டூடியோவுக்குள் எத்தனை வழியாக ஃபைல் வருகிறது என்று பாருங்கள். வீடியோவுக்குப் பாட்டு வேண்டும் என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒரு பென்டிரைவ் கொடுப்பார். ஹோட்டல், பில் என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பும். யாரோ இலவசமாகக் கொடுத்த கலர் ப்ரீசெட்டை ஒரு பையன் இறக்குவான். இதில் ஏதாவது ஒன்றில் ரேன்சம்வேர் இருந்தால், அது அந்தப் பையனின் லாகினில் ஓட ஆரம்பிக்கும். அவன் எந்த டிஸ்க்கில் எழுதலாமோ அதில் எல்லாம் அதுவும் எழுதும். சி டிரைவ், நாஸ், பேக்கப்புக்காகச் செருகி வைத்த யுஎஸ்பி டிஸ்க் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு ஃபைலையும் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். ஆன்டிவைரஸ் தனக்குத் தெரிந்ததை நன்றாகப் பிடிக்கும். நேற்று எழுதிய புதியது தப்பித்துவிடலாம்.

யாரும் எதையும் அழுத்தாமலேயே இது நடந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்க கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் இணையம் வழியாகவே நுழைந்து, ஃபைல்களைக் கடவுச்சொல் போட்ட `.7z` ஃபைல்களாக மாற்றியது. 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது. அது பூட்டிய ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் `.deadbolt` என்று ஒட்டிக்கொண்டது. அது கேட்டது 0.03 பிட்காயின். இரண்டிலும் மாட்டிக்கொண்டவை இணையத்துக்குத் திறந்து வைத்த பெட்டிகள். ஒரு ஸ்டூடியோ தன் பெட்டியை எதற்காகத் திறந்து வைக்கும்? வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே ஆல்பம் பார்க்கட்டும் என்றுதான். அதனால் எங்கள் பெட்டியை வெளியே திறப்பதே இல்லை. உங்களுக்கு வரும் லிங்க் தனியான ஒரு கேலரி சேவையிலிருந்து வருகிறது.

கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ரேன்சம்வேராலும் தொட முடியாது. கழற்றி வைப்பதோடு இன்னொரு விதியும் வைத்திருக்கிறோம். ஒரு கல்யாணத்தின் இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் செருகக் கூடாது. இந்த வகை நிரல்கள் உள்ளே நுழைந்த பிறகு நாள் கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு வேலையைக் காட்டுவதுண்டு. அந்த நேரத்தில் இரண்டும் செருகியிருந்தால் இரண்டையும் இழப்போம்.

உங்க நாஸ்ல ரெண்டு டிஸ்க் இருக்குனு சொன்னீங்க. ஒன்னு போனா இன்னொன்னு இருக்குமே?

நாஸில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றைப் பார்த்து ஒன்று அப்படியே எழுதிக்கொள்ளும். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காது, அதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் நான் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். ரேன்சம்வேர் ஒரு ஃபைலைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டிக்கொள்ளும். இடி விழுந்து பெட்டிக்குள் மின்சாரம் பாய்ந்தால் இரண்டும் ஒன்றாகவே கருகும். நம் ஊரில் மாலை நேரத்து இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். ஆல்பத்தை ஒப்படைத்து ஓராண்டு ஆகும்வரை உங்கள் படங்கள் நாஸில் ஒன்றும் கழற்றிய டிஸ்க்குகளில் இரண்டுமாக இருக்கும். பழைய ஆல்பமான பிறகு நாஸ் பிரதி போய்விடும். மூன்றாவது பிரதியாக உங்களிடம் தந்திருக்கும் டிஸ்க் இருக்கிறது. அதனால்தான் அதைப் பத்திரப்படுத்துங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன்.

இதெல்லாம் எதுக்கு? கூகுள்ல போட்டா முடிஞ்சதுல்ல?

நீங்கள் 700 ஜேபெக் படங்களைப் போட்டு வைப்பது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். முதலாவது, கிளவுட் கணக்குகள் பெரும்பாலும் உங்கள் கணினியோடோ ஃபோனோடோ ஒத்திசைந்தே ஓடும். ஃபோனில் இடம் பத்தவில்லை என்று படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும், அப்புறம் போய்விடும். போனது தெரியாமலே பல மாதம் ஓடிவிடும். கல்யாண ஆல்பத்தை யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது, கிளவுட்டின் விதிகள் நம் கையில் இல்லை. கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியது. கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, எல்லாப் படத்தையும் அதில் போட்டுவிட்டு மறந்துபோன ஜோடிகள் எனக்கே தெரிய இருக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது ஸ்டூடியோவின் பிரச்சினை. மேலே சொன்ன 190 ஜிபி கல்யாணத்தை, வினாடிக்கு 100 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் தடையே இல்லாமல் அனுப்பினாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாதாரண யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து வருட ஆல்பங்களை ஏற்றுவதற்கும், மாதா மாதம் வாடகை கட்டுவதற்கும், பிறகு மொத்தமாக இறக்குவதற்கும் ஆகும் செலவை உங்கள் பில்லில்தான் நான் சேர்க்க வேண்டியிருக்கும்.

பெரிய டிவி கம்பெனிங்கல்லாம் டேப்ல வைப்பாங்களாமே? நீங்க ஏன் வைக்கல?

எல்டிஓ டேப் நல்ல சேமிப்பு. எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டிபி கொள்ளும், டேப்பின் விலையும் அதிகமில்லை. அதை எழுதும் டிரைவ்தான் எங்கள் அளவுள்ள கடைக்குக் கட்டாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எல்டிஓ-9 டிரைவ் தனக்கு ஒரு தலைமுறை முந்திய எல்டிஓ-8 வரைதான் படிக்கும். பதினைந்து வருடம் கழித்து டிரைவ் பழுதானால் அந்தத் தலைமுறை டிரைவைத் தேடி அலைய வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை எந்தக் கணினியிலும் செருகிவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்க சும்மா வச்சிருந்தா கெட்டுப் போகாதா? நம்ம ஊர் ஈரத்துக்கு லென்ஸே பூஞ்சை பிடிக்குதே.

கெட்டுப்போகும். டிஸ்க்கை வாங்கி, காப்பி செய்து, அலமாரியில் போட்டு மறந்துவிட்டால் அது பேக்கப்பே இல்லை. பினாங்கின் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதனால் லென்ஸ் வைக்கும் அதே மாதிரியான டிரை கேபினெட்டில், 40 முதல் 45 சதவீத ஈரப்பதத்தில், நிலைமின் தாக்காத பையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டிஸ்க்குகளை வைக்கிறோம். ஏர்கான் அறையிலிருந்து எடுத்த டிஸ்க்கை வெளிச்சூட்டில் உடனே செருக மாட்டோம். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் விட்டுவைப்போம்.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்க்கையும் செருகி, முழுவதும் படித்து, சரிபார்க்கிறோம். ஐந்து வருடமானால் நன்றாக ஓடினாலும் புது டிஸ்க்குக்கு மாற்றுகிறோம். போகப்போகும் டிஸ்க் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். ஃபோல்டர் திறக்க வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், காப்பி நடுவில் நின்று நின்று போகும், உள்ளே டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வரும். CrystalDiskInfo போன்ற இலவச நிரலில் Current Pending Sector என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் வந்து, நிலை Caution என்று மஞ்சளானால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதக் கூடாது. இருப்பதை உடனே வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட வேண்டும். சத்தம் வரும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடும்.

எஸ்எஸ்டி வேகமானதாயிற்றே, அதில் வைக்கலாமே என்றும் கேட்கிறார்கள். எடிட்டிங்குக்கு அது அருமை. கழற்றி வைப்பதற்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது மின்னூட்டமாகத் தகவலைப் பிடித்து வைக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரியில், மின்சாரமில்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் தரம். புது எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும், நம் வீட்டு அலமாரியே 30 டிகிரியில்தான் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான படத்தையும் ஒன்னொன்னா திறந்து பார்ப்பீங்களா? கெட்டது எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரா ஃபைலுக்குள் ஒரு சின்ன ஜேபெக் படமும் தனியாக இருக்கும். ஃபோல்டரில் நாம் பார்ப்பது அதைத்தான். உள்ளே அசல் சிதைந்திருந்தாலும் சின்னப் படம் அழகாகத் தெரியும். முழுசாகத் திறந்தால்தான் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவோ, நிறம் மாறிய பட்டையாகவோ வரும்.

அதனால் கார்டிலிருந்து படத்தை இறக்கும் நாளிலேயே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு செக்சம் போட்டு வைக்கிறோம். ஃபைலில் இருக்கும் எல்லா எண்களையும் வைத்துக் கணக்கிட்ட 64 எழுத்து நீள வரி அது. ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். வருடச் சோதனையில் டிஸ்க்கைச் செருகி இந்தக் கட்டளையைக் கொடுப்போம்:

```
sha256sum -c album.sha256
```

முடிவு இப்படி வரும்:

```
IMG_4126.CR2: OK
IMG_4127.CR2: FAILED
IMG_4128.CR2: OK
```

நடுவில் இருக்கும் ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பெருநிலத்தில் இருக்கும் பிரதியைக் கொண்டுவந்து, அதில் அதே ஃபைல் OK என்று வருகிறதா என்று முதலில் பார்ப்போம். வந்தால் அதை எடுத்துக் கெட்டதை மாற்றுவோம். ஒரு ஃபைல் மட்டும் போயிருந்தால் பெரிய விஷயமில்லை. அடுத்தடுத்துப் பல FAILED வந்தால் டிஸ்க்கையே மாற்றிவிடுவோம். முதல் முறை ஆஃப்லைனுக்கு மாற்றும்போதும் இதே சோதனைதான். இரண்டு டிஸ்க்கிலும் எல்லாம் OK என்று வந்து, ஒரு டிஸ்க் கடையை விட்டுப் போன பிறகுதான் நாஸ் பிரதியை எடுப்போம்.

வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒரு ஃபைலை இப்படிச் சோதிக்கலாம்:

```
certutil -hashfile IMG_4127.CR2 SHA256
```

தம்பி, எங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு. உங்ககிட்ட எடுத்த கல்யாணப் படத்துல அவர் இருப்பாரு. இன்னிக்கே வேணும், கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. இந்த மாதிரி நேரத்தில் தயங்காமல் ஃபோன் செய்யுங்கள். பழைய ஆல்பத்தைத் தேடி எங்களுக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இப்படிப்பட்டவைதான். குடும்பத் தலைவருக்கு நன்றாகக் கோட்டு வேட்டியோடு எடுத்த படம் பல வீடுகளில் யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்தது மட்டுமே இருக்கும். எங்கள் ஏற்பாடு முழுவதையும் இந்த ஒரு தேவையை மனதில் வைத்துத்தான் அமைத்திருக்கிறேன்.

ஆல்பம் ஆஃப்லைனுக்குப் போகும்போது, தேர்ந்தெடுத்த படங்களின் சின்னப் பிரதிகளை மட்டும் கடைக் கணினியில் விட்டுவைக்கிறோம். நீளப் பக்கம் 1,200 பிக்சல், ஒரு படம் 300 கேபி அளவு. ஒரு கல்யாணத்துக்கு 210 எம்பிதான் ஆகும். ரேன்சம்வேர் வந்து இவற்றைப் பூட்டினாலும் கவலையில்லை, டிஸ்க்கிலிருந்து மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் என்ற பட்டியல் கணினியில் மட்டுமில்லாமல் தாளிலும் அச்சடித்து இருக்கிறது.

2016ல் நடந்த ஒரு கல்யாணத்தை உதாரணமாகச் சொல்கிறேன். காலையில் அழைப்பு வந்தது. பொண்ணுக்குத் தாய்மாமா, மேடையில் எடுத்த குடும்பப் படத்தில் இரண்டாவது வரிசையில் நின்றவர். சின்னப் பிரதிகளில் தேடி, குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இவர்தான் என்று உறுதி செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சின்னப் படத்தில் அவர் முகமும் தோளும் 230 பிக்சல் அகலம்தான். ஃபோனில் பார்க்கலாம், சட்டம் போட முடியாது. கடையிலிருந்த டிஸ்க்கை எடுத்துச் செருகி, அந்த ஒரு ஃபைலின் செக்சம் பார்த்து, ரா ஃபைலைத் திறந்தோம். அது 5,760 பிக்சல் அகலப் படம். அதே முகமும் தோளும் அதில் 1,100 பிக்சலுக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்கு அச்சடித்தால் அங்குலத்துக்கு 110 பிக்சல்தான். கையில் வைத்து உற்றுப் பார்த்தால் கொஞ்சம் மென்மையாக இருக்கும். மாலை போட்டு வைத்து நான்கடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும். மேடை விளக்கின் மஞ்சளையும் ரா ஃபைல் இருந்ததால்தான் முகத்திலிருந்து எடுக்க முடிந்தது. மதியத்துக்குள் படம் வீட்டுக்குப் போய்விட்டது.

இறப்புக்காகக் கேட்கும் படத்துக்கு எடுத்துத் தருவதற்கென்று காசு வாங்குவதில்லை. அச்சுக்கும் சட்டத்துக்கும் மட்டும்தான். மற்றத் தேவைகளுக்கு மூன்று வேலை நாள் கொடுங்கள். கடை டிஸ்க்கில் ஏதாவது சிக்கல் என்றால் பாலத்தைத் தாண்டிப் போய் மற்றதைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நீங்க கொடுத்த டிவிடி வீட்டுல இருக்கு. அது போதாதா?

டிவிடியில் எழுதும் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கும். கூடவே, அதைப் படிக்கும் டிரைவ் இப்போது வரும் லேப்டாப்களில் இருப்பதில்லை. உங்களிடம் டிவிடி இருந்தால் இந்த மாதமே கடைக்குக் கொண்டுவாருங்கள், ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றித் தருகிறோம். படிக்க முடியாமல் போயிருந்தால் எங்கள் பிரதியிலிருந்து போட்டுத் தருகிறோம். பென்டிரைவும் கைமாற்றத்துக்கு நல்லது, வைத்துப் பாதுகாக்க அல்ல. காரின் டேஷ்போர்டில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

ரெண்டாவது டிஸ்க்க ஏன் அவ்வளவு தூரத்துல வைக்கணும்?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்பதில்லை. ஒரே இரவில் கீழ்த்தளத்துக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. அன்று பெருநிலத்திலும் வெள்ளம் இருந்தது. அதனால் வேறு ஊர் என்பது மட்டும் போதாது, மாடியாகவும் இருக்க வேண்டும். தீ, திருட்டுக்கும் இதே கணக்குதான். வெளியே போகும் டிஸ்க் முழுவதும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது. திருடு போனாலும் உங்கள் படத்தை யாரும் பார்க்க முடியாது.

படம் எங்களோடது, நீங்க ஏன் வச்சிக்கிறீங்க? நாங்க இப்ப பிரிஞ்சிட்டோம், அழிக்கச் சொன்னா அழிப்பீங்களா?

அழிப்போம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்த பிறகும் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. எங்கள் பதிவுப் படிவத்தில் பத்து வருடம் என்று எழுதியிருக்கிறோம். அது முடியும்போது தொடர்ந்து வைக்கலாமா என்று உங்களைக் கேட்போம். லிங்க்கை ஓராண்டில் மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகள், பெரியவர்கள், வீட்டு விலாசம் தெரியும் அழைப்பிதழ் எல்லாம் உள்ள ஒரு ஆல்பம், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் லிங்க்கில் வருடக் கணக்கில் திறந்து கிடக்கக் கூடாது.

ஆஃப்லைனில் அழிப்பது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை இல்லை. இரண்டு டிஸ்க்கையும் தனித்தனியாகச் செருகி, அந்த ஃபோல்டரை அழித்து, அந்த இடத்தின் மேல் வேறு தகவலை எழுதி, செக்சம் பட்டியலையும் திருத்த வேண்டும். சின்னப் பிரதிகளையும் எடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் செய்து எழுத்தில் உறுதி தருகிறோம். ஒருவர் அழி என்றும் மற்றவர் வேண்டும் என்றும் சொன்னால் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வரும்வரை அழிக்க மாட்டேன். அதுவரை யாருக்கும் புதிதாக எடுத்தும் தர மாட்டேன். அழித்த பிறகு திரும்பக் கேட்டால் என்னால் எதுவும் செய்ய முடியாது என்பதால் இதில் அவசரப்படுவதில்லை.

உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, கடைய மூடிட்டா எங்க படம் என்ன ஆகும்?

டிஸ்க்குகளின் கடவுச்சொல்லும் அச்சடித்த பட்டியலும் ஓர் உறையில் மூடி, கடைக்கு வெளியே, என் குடும்பத்தில் ஒருவரிடம் இருக்கின்றன. கடையை மூடுவதானால் மூன்று மாத அவகாசம் கொடுத்து, பட்டியலில் உள்ள எல்லோரையும் அழைத்து, கேட்பவர்களுக்கு அசல் ஃபைல்களோடு டிஸ்க்காகத் தந்துவிடுவோம். டிஸ்க்கின் விலையை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். வர முடியாதவர்கள் யாரிடமாவது எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு காலி ஹார்ட் டிஸ்க்கோடு எப்போது வேண்டுமானாலும் வரலாம், 500 ஜிபி இருந்தால் ஒரு கல்யாணத்துக்குத் தாராளம். செக்சம் பட்டியலையும் அதிலேயே போட்டுத் தருகிறோம். வரும் முன்பு மாப்பிள்ளை, பொண்ணு பெயரையும் கல்யாணத் தேதியையும் அனுப்பிவிடுங்கள், டிஸ்க்கை முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம்.